நிழல் விழாத மாடிக்கு மட்டும்

அவரை எல்லாரும் 'மொட்டைமாடி' என்றே கூப்பிடுவார்கள். சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்துகிறவர், பகலில் வேறெங்கே இருப்பார்? வேலை பார்க்கும் கடை மனைவியின் அண்ணனுடையது. கடைக்கு மேலே இவர்கள் குடியிருக்கும் வீடும் அந்த அண்ணனுடையதுதான். "ஏணி மட்டும்தான் நம்மளுது" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

அன்று மச்சான் புது விளம்பரத்தைக் காட்டினார். கண்ணாடிக் குழாய்கள் பளபளக்க, பக்கத்தில் ஸ்பேனரோடு மொட்டைமாடி. கீழே கொட்டை எழுத்தில்: "கரண்ட் பில்லில் முக்கால்வாசி மிச்சம்! பத்து வருஷ வாரண்டி!"

"மூஞ்சி நல்லா விழுந்திருக்கு மாப்ளே."

"இது டீச்சரம்மா வீடு மச்சான். பக்கத்துல மாடி எழும்பிருச்சு. மத்தியானத்துக்கு மேல குழாய்ல வெயிலே இல்ல. ஹீட்டர் ராடு போட்டுத்தான் குளிக்கிறேன்னு என்னை வழியில நிறுத்திக் கேக்கறாங்க."

"படத்துல நிழல் தெரியலையே."

"காலையில எடுத்தீங்க."

மச்சான் முகம் சுருங்கியது. "அப்ப நீயே எழுது, பெரிய மனுஷா."

மொட்டைமாடி கல்லாவுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினார். படத்தையும் நிழலில்லாத வேறொரு மாடியுடையதாக மாற்றச் சொன்னார்.

"வெந்நீருக்கு ஆகும் கரண்டில் பெரும்பகுதி மிச்சமாகும், மொத்த பில்லில் அல்ல. நாள் முழுக்க வெயில் படும் மாடியும், வீட்டு ஆட்களுக்கு ஏற்ற அளவுத் தொட்டியும் வேண்டும். மேகமூட்டத்தில் ராடு போட வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் என்றால் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். தொட்டி ஒழுகினால் ஐந்து வருஷ வாரண்டி, ராடுக்கு ஒரு வருஷம். கண்ணாடி உடைந்தால் வாரண்டி கிடையாது."

"இது விளம்பரமா, டாக்டர் சீட்டா?" என்றார் மச்சான். ஆனாலும் போட்டார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: விவரங்களுக்கு, மொட்டைமாடியின் நம்பர்.

விளம்பரம் வெளியான அன்று கடையில் சொன்னார்: "உன் வாய், உன் நம்பர். வியாபாரம் படுத்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன். மேல்வீட்டைப் பத்தியும் அப்புறம் பேசிக்கலாம்."

மாடிப்படியில் துணிக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

அந்நேரம் பார்த்து மொட்டைமாடியின் ஃபோன் அடித்தது. மச்சான் எட்டி ஸ்பீக்கரை அழுத்தினார்.

"உங்க விளம்பரம் பாத்தேங்க. எங்க மாடிக்கு மேற்கால பெரிய மரம் இருக்கு. போடலாமா?"

மொட்டைமாடி இருபுறமும் பார்த்தார். ஒரு பக்கம் மச்சான், ஒரு பக்கம் மனைவி. வாசலில் ஏணி சாத்தியிருந்தது.

"நிழல் எத்தனை மணிக்கு மாடில விழும்ங்க?"

"ஒரு மணிக்கே விழுந்துரும்."

"அப்ப மிச்சம் பெருசா வராதுங்க. மாடில வேற பக்கம் வெயில் இருந்தா வந்து பாக்கறேன். இல்லேன்னா வேண்டாம்."

"சரி, யோசிக்கறேங்க" என்று கேட்டவர் வைத்துவிட்டார்.

மச்சான் வாசலுக்குப் போனார். நிமிர்ந்து மேல்வீட்டுச் சன்னலைப் பார்த்தார். மனைவி கூடையோடு திரும்பி மேலே ஏறினாள். ஃபோன் மறுபடி அடித்தது. மொட்டைமாடி தானே ஸ்பீக்கரை அழுத்தினார்.