படத்தின் மூலையில் இருந்த தேதி

அம்மா இறந்த நாலாம் நாள் அண்ணன் என் கடைக்கு வந்தான். என் கடை என்றால் நான் சம்பளத்துக்கு வேலை பார்த்த கடை. மலாக்கா டவுனில் ஒரு சீன முதலாளியின் போட்டோ கடை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் திருத்துவது என் வேலை. அண்ணன் குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவன் கையில் ஆல்பத்தோடு வந்த நெகட்டிவ் உறை இருந்தது.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மா படம் வேணும். இது ஒண்ணுதான் நல்லா இருக்கு."

ஸ்கேனரில் ஏற்றினேன். அண்ணன்தான் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, அம்மாவை மார்பு வரை எடுத்திருந்தான். அதனால் கீழே இடது மூலையில் தேதி பக்கவாட்டில் விழுந்திருந்தது. தலையைச் சாய்த்துப் படித்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய தீபாவளி. ஆரஞ்சு எண்கள் அம்மாவின் தோளில், சேலைக் கரையின் மேல் ஏறி நின்றன.

"அத எடுத்துடு," என்றான். "எஸ்டேட் ஆளுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? நாலு வருசமா மவனுங்க வந்து ஒரு படம்கூட எடுக்கலன்னு பேசுவாங்க. போன தீபாவளிக்கு எடுத்ததுன்னு சொல்லிக்கலாம்."

நியாலாஸ் பக்கத்தில் அம்மா இருந்த எஸ்டேட்டுக்கும் எங்களுக்கும் இடையில் மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேர பஸ் பயணம். அவனுக்கு ஓவர்டைம், எனக்குத் தீபாவளிக் கூட்டம். சாக்குச் சொல்வதில் நாங்கள் இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். மாதம் ஒரு முறை எஸ்டேட் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்வோம். "நான் நல்லா இருக்கேன்யா, நீங்க வேலையப் பாருங்க" என்பாள் அம்மா. எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்து, ஓரத்தை வெட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமியா வச்சுக் கும்பிடப் போறோம். தோள வெட்டுவாங்களா?"

அவன் போன பிறகு உட்கார்ந்தேன். அந்த எண்கள் பிரிண்டில் ஒட்டிய மை அல்ல. கேமராவுக்குள் இருக்கும் சின்ன விளக்கு பிலிமிலேயே சுட்டுவிட்டவை. அவற்றின் அடியில் இருந்த சேலை போனது போனதுதான். சுரண்டி எடுத்தால் கீழே ஒன்றும் இருக்காது. பக்கத்தில் நல்லதாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்து மேலே பூச வேண்டும். ஆல்ட் பட்டனை அழுத்திச் சேலையின் நல்ல பகுதியில் ஒரு கிளிக். பிறகு எண்ணின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் அச்சுக் குத்தியது போல் தெரியும். மூன்று நான்கு இடம் மாற்றி எடுத்தேன். எண்களைச் சுற்றிக் கசிந்திருந்த ஆரஞ்சு நிறம்தான் உயிரை வாங்கியது. கரையின் கோடு தோளோடு வளைந்து போக, நான் பூசியது நேராகப் போனது. அந்த மென்பொருளில் கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும்தான் திரும்பப் பெறலாம். இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முடித்தபோது எனக்கே எண்கள் இருந்த இடம் தெரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினாறாம் நாள் எஸ்டேட் வீட்டில் படத்துக்கு மாலை போட்டோம். வந்தவர்கள் எல்லாம் படம் அழகு என்றார்கள். அண்ணன் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், "போன தீபாவளிக்கு எடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா சமையல் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன தீபாவளிக்கா தம்பி?"

"ஆமாக்கா," என்றான் அண்ணன்.

"ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்து ரெண்டு வருசமாச்சேப்பா உங்கம்மாவுக்கு. போன தீபாவளிக்கு முறுக்க நாந்தான கையில எடுத்துக் குடுத்தேன். இதுல எப்படிப் பளிச்சுனு பார்க்கிறா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. சாவுச் செய்தி கேட்டு நாங்கள் வந்து பார்த்தபோது அவள் கண்கள் மூடியிருந்தன.

"உங்ககிட்ட ஏக்கா சொல்லல?" என்று நான்தான் கேட்டேன். 'எங்ககிட்ட' என்று கேட்க வேண்டியது, அவசரத்தில் கேள்விகூடத் தப்பாக வந்தது.

"எங்கிட்ட என்னத்தச் சொல்றது, நான்தான் பார்த்துட்டே இருந்தேனே. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டா. ஆப்ரேசன் பண்ணலாம், கூட இருக்க ஆள் வேணும்னாங்க ஆஸ்பத்திரியில. நான் வரேன்னேன். வேணாம், தீபாவளிக்கு மவனுங்க வருவானுங்க, அவனுங்களோட போறேன்னு சொல்லிட்டா."