பருப்புக்கீரையும் என் மேற்படிப்பும்

வேளாண் இளங்கலை இறுதியாண்டில், மேற்படிப்புக்கு எதை எடுப்பது என்று பேராசிரியையை தினமும் நச்சரித்தேன். ஆராய்ச்சி நிலைய வேலைக்கு உழவியல் முதுகலை. உரக் கம்பெனி, ஏற்றுமதி என்றால் வேளாண் வணிக மேலாண்மை. துறைமுகத்தைக் கண்டால் ஒன்று, வயலைக் கண்டால் மற்றொன்று என ஆசை தாவியது.

ஒருநாள் பருத்தி வயலில் நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொரு சதுரச் சட்டம் வைத்து, உள்ளிருந்த களைகளை எண்ணிப் பிடுங்கினோம். அவற்றை உலர்த்தி எடைபோட வேண்டும். என்னுடையதில் முழுக்கப் பருப்புக்கீரை. வழியில் போன கீரைக்காரம்மாவிடம் பேரம்பேசி, அதைக் கொடுத்துவிட்டு முருங்கைக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன்.

பேராசிரியை வந்தார். “ஏளா, களை எங்க?”

“வித்துட்டேன் மேடம்.”

“ஒன் சட்டத்துல உள்ளத மட்டுமா?”

“நாலு பேரோடதையும் சேத்துத்தான். கொஞ்சமா இருந்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க.”

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“பொறவு ஒனக்கு என்னளா கொழப்பம்?”