தெளிவாகத் தெரியாத படம்

அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கத் தோன்றவில்லை. பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும்.

நான் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் காலைத் தேநீர் நேரம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் அண்ணியின் வலது கையைப் படமெடுத்துப் போட்டிருந்தார். சுங்கை ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில், உதிர்ந்த எண்ணெய்ப் பழம் பொறுக்கியபோது காய்ந்த மட்டைக்கு அடியிலிருந்து அவரைப் பாம்பு கடித்திருக்கிறது. ஆள்காட்டி விரலின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் லேசான வீக்கம். வளையல் மணிக்கட்டில் தளர்வாகக் கிடந்தது.

உடனே குழுவில் ஆராய்ச்சி தொடங்கியது. ஒருவர் படத்தைப் பெரிதாக்கி வட்டம் போட்டு அனுப்பினார். விஷப்பாம்பு என்றால் இரண்டு பல் பதியுமாம், இது ஒன்றுதானாம். இன்னொருவர் மஞ்சள் பற்றுப் போடச் சொன்னார். இரண்டு பேர் கும்பிடும் கையை அனுப்பினார்கள். இந்த அழகில் நான் மட்டும் சும்மா இருப்பேனா? படித்தவள் அல்லவா?

"அண்ணே, தெளிவா தெரியலலா. லைட் போட்டு இன்னொன்னு எடுத்து அனுப்புங்க" என்று குரல் பதிவு அனுப்பினேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் இரண்டாவது படத்தைப் பார்த்தேன். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆனால் என் கண் அங்கே நிற்கவில்லை. காலையில் தளர்வாகக் கிடந்த வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. விரல் கருநீலம். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கையை நோக்கி ஏறியிருந்தது. அண்ணனை அழைத்து, கையை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கத்தினேன். பாம்பு கடித்ததிலிருந்தே போகலாம் என்றுதான் அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாராம். குழுவில் முடிவாகட்டும் என்று அண்ணன் காத்திருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வளையலையும் மோதிரத்தையும் வெட்டி எடுத்திருந்தார்கள். வீக்கம் எதுவரை என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதியிருந்தார்கள். கோட்டைத் தாண்டியும் தோல் மினுமினுத்தது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

எத்தனை மணிக்குக் கடித்தது என்று மருத்துவர் மறுபடியும் கேட்டார். அண்ணன், "இங்க வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் டாக்டர்" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது. கைப்பேசியை நீட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மணி இருந்தது.

மருத்துவர் புள்ளிகளை எண்ணவில்லை. ஒரு பல் பதிந்தாலும், வெறும் கீறலாக இருந்தாலும் விஷம் ஏறியிருக்கலாம், கடித்தவுடன் வந்திருக்க வேண்டும் என்றார். மருந்து விஷத்தை முறிக்கும். செத்துப்போன தசையை மீட்காது என்றும் சொன்னார். சில நாள் கழித்து ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனேன். குழுவில் ஒருவர் கை எப்படி இருக்கிறது, படம் போடுங்கள் என்று கேட்டிருந்தார். அதைச் சொல்லாமல் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கட்டை அவிழ்த்து, அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இப்ப தெளிவா தெரியுதாம்மா?" என்றார்.