ஒரு வெள்ளி கூட்டி எழுதிய நஷ்டம்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த எண்பதுகளில், எங்கள் முதலீட்டுக் குழுவுக்கு நான்தான் செயலாளர். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் தட்டச்சு இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பன்னிரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் துண்டு துண்டாக விலைபோன பிறகு பத்து காஜா, ஜெலாப்பாங் என்று பக்கத்து ஊர்களுக்குச் சிதறிப் போனோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடுவோம். அப்படிக் கூடிய ஒரு நாளில்தான், எங்கள் பொருளாளரான கணக்கு வாத்தியார், தரகர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

விஷயம் இதுதான். செம்பனை எண்ணெயின் எதிர்கால விலையில் வாங்கி விற்கும் கணக்கு. சந்தை மூடியதும் அன்றைய விலையை அந்தக் கம்ப்யூட்டருக்குள் போடுவார்கள். வாங்கு, விற்று விடு, சும்மா இரு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லும். மறுநாள் காலையில் தரகர் எங்களைக் கேட்காமலே அப்படியே செய்துவிடுவார். "நாம தூங்கலாம்லா, அது வேலை செய்யும்" என்றார் வாத்தியார். இருபத்து நான்கு பங்கு, பங்குக்கு ஆயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். பெரும்பாலோர் ஒன்றோ இரண்டோ எடுத்தோம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அண்ணன் மட்டும் சேமநிதிப் பணத்திலிருந்து ஆறு பங்கு எடுத்தார். ஜெலாப்பாங்கில் அரசாங்க மலிவு வீட்டுக்கு அவர் பெயர் வந்திருந்தது. வருடக் கடைசியில் நாலாயிரம் முன்பணம் கட்ட வேண்டும். அந்த ஆறாயிரம் ஏழாகி எட்டாகிவிட்டால் ஜன்னல் கம்பிக்கும் சமையல்கட்டுக்கும் ஆகுமே என்பது அவர் கணக்கு.

மூன்று மாதம் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. ஒருநாள் மதிய உணவு நேரத்தில், வேறு வேலை இல்லாமல், கணக்குத் திறந்த படிவத்தின் நகலை முழுதாகப் படித்தேன். வக்கீல் அலுவலகத்தில் இருந்தால் இந்தக் கெட்ட பழக்கம் வந்துவிடும். மொத்த நஷ்ட வரம்பு என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது. பன்னிரண்டு பேரும் அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருந்தோம். வரம்பு இல்லையென்றால் கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தோற்றுக்கொண்டே போகும். போட்ட பணம் தீர்ந்தாலும் விடமாட்டார்கள், மேலே கட்டு என்பார்கள். எனக்கு டிரைவர் அண்ணனின் நாலாயிரம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

அன்றே கடிதம் அடித்தேன். ஒரு வியாபாரத்தில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் நஷ்டமானால் அதை மூடிவிட வேண்டும். மொத்த நஷ்டம் போட்ட பணத்தில் பத்தில் மூன்று பங்கு, அதாவது ஏழாயிரத்து இருநூறைத் தொட்டால் எல்லாவற்றையும் மூடிக் கணக்கை நிறுத்த வேண்டும். மறுபடி தொடங்கப் பன்னிரண்டு கையெழுத்தும் வேண்டும். கடைசி வரியில், சந்தை திறக்கும்போதே விலை தாண்டிப் போயிருந்தால் நஷ்டம் இந்த எண்ணைவிடச் சற்றுக் கூடலாம் என்றும் எழுதினேன். அந்த வரியை யாரும் படிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்பது பேர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். வாத்தியார், "மெஷினுக்கே கடிவாளமா?" என்று சலித்துக்கொண்டே போட்டார். டிரைவர் அண்ணன் மட்டும் போடவில்லை. கணக்கு எல்லார் பெயரிலும் இருந்ததால் ஒருவர் போடாவிட்டாலும் செல்லாது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன்.

"நல்ல காரியத்துக்குப் பணம் போட்டுட்டு, நஷ்டம்னு நம்ம கையாலேயே எழுதறதா? வாயில வைக்காதே தங்கச்சி" என்றார்.

குற்றம் சொல்ல முடியாது. அரிசி தீர்ந்துபோனால் நிறைஞ்சிருக்கு என்று சொல்லும் சாதி நாம். விளக்கை அணை என்று சொல்ல நாக்கு வராது. அப்படி இருக்க, ஏழாயிரம் நஷ்டத்துக்குச் சம்மதம் என்று எழுதித் தா என்றால்?

நான் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டினார். நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குக் கிளம்புகிறார். பணப்பையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் இரண்டே வெள்ளியை வைத்துக்கொண்டார்.

"ஏண்ணே, பர்ஸ எடுக்கலையா?"

"அது எதுக்கு? ரெண்டு வெள்ளிக்கு எழுதுவேன், வீட்டுக்கு வந்துருவேன். பர்ஸ் கையில இருந்தா மனசு கேக்காதுலா."

"முப்பது வருஷமா இதான்" என்றார் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா.

"அண்ணே, கம்ப்யூட்டர் நம்ம பர்ஸயே எடுத்துட்டுப் போயிருக்கு. அதுக்கும் ஒரு சட்டைப் பை தைக்கலாம்னுதான் இந்தக் கடிதம்."

அவர் என்னை முறைத்தார். அக்கா சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்து, மறைக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் சும்மா இருக்கக் கூடாதா? மொட்டையாக முடியும் எண் ஆகாது என்று, இருநூறை அடித்து இருநூற்று ஒன்று ஆக்கிவிட்டார். நஷ்டத்துக்கும் மொய்!

தரகர் அடித்துத் திருத்திய தாளை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான் 7,201 என்று புதிதாக அடித்து, மறுபடி பதினொரு பேர் வீட்டுக்கும் அலைந்தேன். அந்த ஒரு வெள்ளிக்கு எனக்கு ஆன பஸ் காசு பதினான்கு வெள்ளி. அதை அவரிடமே சொல்லிக் காட்டிவிட்டு, அந்த மாதம் முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் சந்தைக்குப் பைத்தியம் பிடித்தது. ஏறும் என்று கம்ப்யூட்டர் வாங்கினால் இறங்கும், இறங்கும் என்று விற்றால் ஏறும். ஒரு மாலை மொத்த நஷ்டம் ஏழாயிரத்து முந்நூறு. மறுநாள் காலையில் சந்தை இன்னும் கீழே திறந்தது. தரகர் எல்லாவற்றையும் மூடிவிட்டு என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நஷ்டம் ஏழாயிரத்து எழுநூறு.

ஞாயிறு மாடியில் டிரைவர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "எழுதுனது ஒண்ணு, போனது ஒண்ணு. என்ன கணக்கு இது?" கடைசி வரியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, முதல் தடவையாகப் படித்தார். "இதைக் கொட்டை எழுத்துல போட்டிருக்க வேணாமா?" என்றார். அது நியாயம்தான்.

வாத்தியார் புதுத் தாளோடு வந்திருந்தார். மறுபடி தொடங்கும் சம்மதக் கடிதம். "விட்டதைப் பிடிக்க இதுதான் நேரம், விலை திரும்பப் போகுது" என்றார். வரிசையாகக் கையெழுத்து விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் போட்டேன். விட்ட பணம் யாருக்குத்தான் வலிக்காது?

தாள் கடைசியாக டிரைவர் அண்ணனிடம் போனது. அவர் ஆறு பங்கில் மிஞ்சியது நாலாயிரத்து எழுபத்தைந்து வெள்ளி. தாளைக் கையில் எடுத்தார். என் கையெழுத்து அதில் இருந்ததே என்று எனக்குக் கூசியது.

அவர் அதை நாலாக மடித்து, திறக்காத பேனாவோடு சேர்த்து வாத்தியார் முன்னால் வைத்தார். பிறகு சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

"பை காலி, வாத்தியாரே. நான் வீட்டுக்குப் போறேன்."

வருடக் கடைசியில் ஜெலாப்பாங்கில் புதுமனை புகுந்தார். சமையல்கட்டு இல்லை, கொல்லையில் தகரம் போட்டுத்தான் அக்கா பால் காய்ச்சினார். நான் ஐம்பத்தொரு வெள்ளி மொய் வைத்தேன். அண்ணன் உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். அந்த ஒரு வெள்ளியை மட்டும் எடுத்து என் கையில் திணித்தார்.

"பஸ்ஸுக்கு வச்சுக்க தங்கச்சி. இன்னும் பதிமூணு தரணும்."