நோட்டீசுக் கணக்கில் விழுந்த மூன்று கிரயங்கள்

கணக்கு விஷயத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருபத்து நாலு வயதில் அது கொஞ்சமாக இல்லை. அப்போது நான் போடிநாயக்கனூரில் ஒரு நில வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். குரங்கணிக்கு மேலே காப்பிச் செடி நின்ற சரிவு ஒன்றை முதலாளி மொத்தமாக வாங்கி, இரண்டிரண்டு ஏக்கராக அளந்து, கல் நட்டு, எண் போட்டு விற்றார்.

விற்பனைக்கு இரண்டு விதமாக விளம்பரம் செய்தோம். மதுரையிலிருந்து வரும் பத்திரிகையில் நாலு தடவை அச்சிட்டோம். உள்ளூரில் நோட்டீசு அடித்துச் சந்தை நாளில் ஆள் வைத்துக் கொடுத்தோம். அந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் பொதிமாடு ஓட்டி மலைக்குப் போய் வந்தவர். இறக்கத்தில் மாடு சரிந்து காலின் மேல் விழுந்ததிலிருந்து முழங்கால் மடங்காது. நொண்டி நொண்டித்தான் நடப்பார். சந்தைக்கு ஒரு ரூபாய் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டீசைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொடுப்பதை நான் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

யார் எப்படி வந்தார்கள் என்று எழுத நானே ஒரு புத்தகம் போட்டேன். நிலம் பார்க்க வருகிறவரிடம் முதலில் கேட்பது, "எப்படித் தெரிஞ்சது?" என்பதுதான். பத்திரிகையா, நோட்டீசா என்று பேருக்கு நேரே குறிப்பேன். பிறகு வண்டி வைத்துக் குரங்கணி வரை போய், மேலே நடந்து நிலத்தைக் காட்டி, சோறு போட்டு அனுப்புவோம். ஒரு நடைக்கு இரண்டு ரூபாய் ஆகும். அச்சாரம் கொடுத்தால் அந்தப் பேருக்கு நேரே ஒரு குறி, கிரயம் பதிவானால் இன்னொரு குறி. பேரை வைத்துத் தேடினால் ஒருவர் கடிதம் போட்ட நாள் முதல் பத்திரம் வாங்கிய நாள் வரை ஒரே வரியில் தெரியும். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று மனசுக்குள் ஒரு பெருமை.

மூன்று மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எதுல போட்ட காசு நெலமா மாறுது, எது வீணாப் போகுது? ஒரு கிரயம் முடிய என்ன செலவாகுதுன்னு வெரசாப் பாத்துச் சொல்லு. வீணாப் போறத நிறுத்திருவோம்."

பத்திரிகைக்கும் பதில் கார்டுக்கும் இருபத்து நாலு ரூபாய். அதைப் பார்த்து நாற்பத்தாறு பேர் எழுதினார்கள், பதினோரு பேர் நேரில் வந்தார்கள். அந்த நடைச் செலவு இருபத்திரண்டு. நாலு பேர் அச்சாரம் கொடுத்து, இரண்டு பேர் பின்வாங்கி, இரண்டு கிரயம் முடிந்தது. ஆக, கிரயம் ஒன்றுக்கு இருபத்து மூன்று ரூபாய். நோட்டீசுக்கு அச்சுக்கூலி ஆறு, பன்னிரண்டு சந்தைக்குக் கூலி பன்னிரண்டு, வந்து பார்த்த ஒன்பது பேருக்கு நடைச் செலவு பதினெட்டு. முடிந்தது ஒரே கிரயம். முப்பத்தாறு ரூபாய்.

இது போக இரண்டு கிரயம் முடிந்திருந்தது. மூன்றாவதாக ஒன்றுக்கு அச்சாரம் வந்து பதிவுக்குக் காத்திருந்தது. மூன்றும் பெண்கள் பேரில். நிலம் பார்த்தவர்கள் வரிசையில் அந்தப் பேர்கள் இல்லாததால் 'தானாக வந்தவை' என்று எழுதியிருந்தேன்.

"நம்ம நெலத்துக்குப் பேர் பரவிருச்சு முதலாளி" என்றேன், நானே பரப்பியது போல.

முதலாளி யோசிக்கவில்லை. அடுத்த சந்தையோடு நோட்டீசு நிறுத்தம் என்றார். சொல்லும் வேலை எனக்கு வந்தது. "நோட்டீசுல ஒரே கிரயம்தான் முடிஞ்சிருக்கு, புத்தகத்துல எழுதியிருக்கேன்" என்றேன். நோட்டீசுக்காரர் கேட்டுக்கொண்டு, நோட்டீசுக் கட்டை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"அப்ப மலைக்குத்தான் போகணும் தம்பி. ஏலத்தோட்டத்துல சுமை தூக்க ஆள் கேக்குறாக."

"அந்தக் காலோடயா அண்ணே?"

"கால் இருக்குல்ல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கடைசிச் சந்தை நாளன்று முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். வழக்கமாக அவர்தான் பதிவு ஆபீசுக்குப் போவார். அன்று மூன்றாவது பெண்ணின் பத்திரத்துக்கு என்னை அனுப்பினார். அவள் தகப்பனோடு வந்திருந்தாள். அச்சாரம் கொடுக்க வந்தபோதும் இதே தகப்பனோடுதான் வந்தாள். வீட்டுக்காரர் பேர் என்னவென்று நான் அப்போது கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? எனக்கும் அவசரம். இன்னார் மகள் என்று தகப்பன் பேரைப் போட்டு ரசீதை முடித்துவிட்டேன். முன்பு வந்த இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

பத்திரம் எழுதுகிறவர் அப்படி விடவில்லை.

"இன்னார் மனைவின்னு எழுதணும். பேரைச் சொல்லும்மா."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் சொன்னார். அந்தப் பேர் என் புத்தகத்தில் இருந்தது. போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கங்காணி. நோட்டீசைக் கையில் மடித்துக்கொண்டு வந்து நிலம் பார்த்தவர். 'பார்த்தார், வாங்கவில்லை' என்று நான் எழுதி மூடிய ஆள்.

"அவரு ஏன் வரலே?" என்று கேட்டேன்.

"மருமகனுக்குச் சந்தைக்குச் சந்தைதான் எறங்க முடியும். நெலம் பாக்கவே ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்தாரு. சந்தையன்னைக்குத் தோட்டத்துக்குச் சாமான் வாங்கி ஏத்தணும், ஆபீசுச் சோலிக்கு நேரம் பத்தாது. நெலம் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு. எம்மக நகைய வித்துத்தான வாங்குறோம், அவ பேர்ல எழுதுறதுதான மொறை" என்றார் பெரியவர்.

பத்திரம் எழுதுகிறவரிடம் மற்ற இரண்டு பத்திர நகல்களையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு புருஷன்மாரும் என் நோட்டீசு வரிசையில் இருந்தார்கள். ஏறிப் பார்க்காமல் மலை நிலத்தை யார் வாங்குவார்கள் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. நோட்டீசுக்கு ஒரு கிரயம் இல்லை, நாலு கிரயம். முப்பத்தாறை நாலால் வகுத்தால் ஒன்பது ரூபாய். பத்திரிகைச் செலவில் பாதிகூட இல்லை.

முதலாளி வீட்டுக்கு ஓடினேன். போர்வைக்குள் இருந்தபடியே கேட்டார். திட்டுவார் என்று நின்றேன்.

"பத்திரிகைக்குப் போறதுல பாதிய அவனுக்குக் கொடு. ரெண்டு சந்தைக்குப் போகட்டும், தேவாரம் ஊருச் சந்தைக்கும் சேத்து" என்றார். பிறகு, "இனிமே பேரை நம்பாத, கல்லு நம்பரை வச்சுத் தேடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சந்தை கலையும் நேரம். நோட்டீசுக்காரர் உப்புக் கடை ஓரத்தில், மலைக்குத் திரும்புகிற ஆட்களுக்குக் கடைசிக் கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்று தெரிந்தும் ஒரு தாளைக்கூட வீணாக்கவில்லை. யார் கையில் காசு சேர்ந்திருக்கிறது, யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேர் பேரையும் சொன்னேன்.

"ஆமா தம்பி, மூணு பேரும் நான் கொடுத்த ஆளுகதான். பத்திரம் முடிஞ்ச ரெண்டு பேரும் எனக்கு வெத்தல பாக்கு வாங்கிக் கொடுத்துட்டுத்தான் மலையேறுனாக."

"தெரியுமா? தெரிஞ்சும் ஏண்ணே அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலே?"

அவர் கையிலிருந்த தாள்களைச் சரிசெய்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் என்னை வாட்டியது.

"நீங்க புத்தகத்துல எழுதியிருக்கேன்னு சொன்னீக. எழுத்துல இருக்குறப்ப நான் நெனச்சதுதான் தப்புன்னு இருந்துட்டேன் தம்பி."