சித்தி ஜனாபாவின் முகத்துக்குக் கீழே

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சித்தி ஜனாபா அவர்களில் ஒருத்தி. வயது முப்பத்தெட்டு. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மடியில் முறத்தை, அவர்கள் சொல்லில் சொளவை, வைத்து பீடி இலையை வெட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டு முன்னறையில் இருபது பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் நின்றுபோன பிள்ளைகள். அவர்களைப் படிக்கவைத்துத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் அவள் வேலை. யாரும் கேட்டுக்கொண்ட வேலை இல்லை, கூலியும் இல்லை. மூன்று வருடத்தில் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்திருந்தாள். பன்னிரண்டாவதாக ஃபஹ்மிதா ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அவள் வாப்பா அசன் முகம்மது கையெழுத்துப் போட்டால் போதும் என்ற இடத்தில்தான் அந்தப் பத்திரிகை வந்தது.

தொண்ணூற்றாறு மே மாதம். பாளையங்கோட்டையில் தேவமணி அண்ணாச்சியின் வீடியோ ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண கேசட்டுகளில் மணமக்கள் பெயரைப் போடுவது என் வேலை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு புர்காவோடு ஒரு பெண் படியேறி வந்து, மடித்த பத்திரிகைத் தாளை மேஜையில் விரித்தாள். அவள் முகத்தை நான் முன்பே பலமுறை பார்த்திருந்தேன், திரையில்.

தாளிலும் அதே முகம். டி.வி. திரையை நிறுத்திவைத்து கேமராவால் எடுத்த படம். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கி நின்றது; கேசட்டை நிறுத்தினால் விழும் கோடு அது. கீழே, படத்துக்குள்ளேயே, ஆங்கிலத்தில் ஒரு வரி.

“இங்கிலீஷ் எனக்குத் தெரியாது தம்பி. என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

எழுதியவனே நான்தான். தேவமணி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சொன்னேன்.

“பொம்பளப் பிள்ளைக்குப் பீடி போதும். பள்ளிக்கூடம் எதுக்கு?”

அவள் அந்த ஆங்கில வரியின் மேல் விரலை வைத்தாள்.

“அப்ப அசன் காக்கா சொன்னது சரிதான். காலையில இந்தத் தாளோட வாசல்ல வந்து நிக்காவ. இங்கிலீஷ யாரோ வாசிச்சுச் சொல்லியிருக்காவ. ‘நீயே வெளியூர் பத்திரிகையில இப்படிச் சொல்லிட்டு, என் மவள மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னா எப்படி தங்கச்சி’ங்காவ. வீட்டுக்குப் போயி ஃபஹ்மிதாவ சொளவு முன்னால உக்கார வச்சாச்சு. பள்ளிக்கூடத்துல நாளையோட பேர் எழுதுறது முடியுது. இத நான் சொன்னனா?”

சொன்னாள். அதுதான் கொடுமை. சென்னையிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு வந்து அவளைப் படம் பிடித்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட ஆங்கில வரிகள் வேண்டும் என்று கேசட்டை எங்களிடம் கொடுத்தது. ஒரு வி.சி.ஆரில் மூலக் கேசட் ஓடும், கம்ப்யூட்டர் அதன் மேல் எழுத்தைச் சேர்க்கும், இன்னொரு வி.சி.ஆரில் படமும் எழுத்தும் ஒன்றாகப் பதிவாகும். அதற்குப் பிறகு எழுத்தைப் படத்திலிருந்து பிரிக்க முடியாது. திரையில் ஒரு நேரத்துக்கு இரண்டு வரி, வரிக்கு முப்பது எழுத்து. மூன்று நொடிதான் நிற்கும். அதற்குள் வாசிக்கிறவன் வாசித்துவிட வேண்டும்.

நான் கவிதை வாசிக்கிறவன். சொல்லைக் குறைத்தால் பெருமை என்று நினைக்கிறவன். அவள் பேசியதைத் துண்டுதுண்டாக்கி, வெட்டி, அழகாக அடுக்கினேன். அண்ணாச்சிகூட, “சுருக்கமா இருக்குலே” என்றார்.

“‘எங்க தெரு வாப்பாமாரு அப்ப சொன்னது’ன்னு ஆரம்பிச்சுத்தான சொன்னேன். அது எங்க?” என்றாள்.

“அத விட்டுட்டேன்க்கா.”

“ஏன்?”

“இடம் இல்ல. அதுக்கு முந்தின வரியில கேள்வி இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னால பெத்தவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு. அதான், வாசிக்கவங்களுக்குப் புரியும்னு…”

அவள் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். “இங்க கேள்வி எங்க இருக்கு?”

இல்லை. கேள்வி வந்தபோது திரையில் அவள் கைகள்தான் இருந்தன, இலை வெட்டிக்கொண்டு. அடுத்த மூன்று நொடியில் அவள் முகம், இந்த வரி. அதற்கடுத்து அவள் சிரிக்கிறாள்: ‘இப்போது பதினொரு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.’ அமைப்பு அனுப்பிய கேசட்டைப் பத்திரிகைக்காரன் நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டான். முன்னாலும் ஓட்டிப் பார்க்கவில்லை, பின்னாலும் ஓட்டிப் பார்க்கவில்லை. படத்துக்கு மேலே தடித்த எழுத்தில் தலைப்பு: ‘தடை வீட்டுக்குள்ளேயே’. அவள் பெயர், ஊர் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். ஒரு பெண் மூன்று வருடமாக எதை எதிர்த்து வாசல் வாசலாக ஏறி இறங்கினாளோ, அதையே அவள் முகத்துக்குக் கீழே ஒட்டிவிட்டான். அதற்குப் பசை காய்ச்சிக் கொடுத்தது நான்.

“கேசட் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

“சாயங்காலம் வாறேன். அசன் காக்காவயும் கூட்டிட்டு வாறேன். வரலன்னா இழுத்துட்டு வாறேன்.”

ஐந்து மணிக்கு ஜனாபாவின் பின்னால் அசன் முகம்மது வந்தார். கோரைப்பாய் வியாபாரி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எழுத்து பொய் சொல்லுமாவே? அச்சடிச்சுல்லா வந்திருக்கு” என்றார் தேவமணி அண்ணாச்சியிடம்.

“பாருங்க மொதல்ல. பொறவு பேசுவோம்” என்றார் அண்ணாச்சி.

கேசட் ஓடியது. கைகள். கேள்வி கேட்கும் குரல். அண்ணாச்சி நிறுத்தினார், நான் கீழே உள்ள வரியைத் தமிழில் சொன்னேன். ஓட்டி, முகம் வந்ததும் மறுபடி நிறுத்தினார். ஜனாபாவின் முகம், அதே வெள்ளைக் கோடு, அதே வரி. அசன் முகம்மது தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சி கொஞ்சம் பின்னால் ஓட்டி, நிறுத்தாமல் விட்டார். “எங்க தெரு வாப்பாமாரு அப்ப சொன்னது, பொம்பளப் பிள்ளைக்குப் பீடி போதும், பள்ளிக்கூடம் எதுக்கு” என்று திரையிலிருந்தவள் சொன்னாள். சொல்லும்போது தாடியைத் தடவுவதுபோல் காற்றில் கையை இழுத்தாள்.

அசன் முகம்மதின் கை அவர் தாடியில் இருந்தது. இறக்கிக்கொண்டார்.

“இது நான் சொன்னதுல்லா” என்றார்.

“நீங்கதான். எங்க வாசல்ல நின்னு, மூணு வருஷத்துக்கு முன்னால. உங்க பேர எடுக்கக் கூடாதுன்னு வாப்பாமாருன்னு பொதுவாச் சொன்னேன். உங்க பேச்ச என் மூஞ்சிக்குக் கீழ எழுதிட்டானுவ. அதக் கொண்டாந்து எனக்கே காட்டுதிய.”

அவர் படியிறங்கினார். பாதியில் நின்று, “நாளைக்கு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“பத்து மணிக்குள்ள” என்றாள். மறுநாள் ஃபஹ்மிதா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள்.

பத்திரிகைக்கு நான் நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். மூன்று வரிகளையும் வரிசையாக, திரையில் வரும் நேரத்தோடு போட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மூலையில் திருத்தம் வந்தது: ‘மே இதழில் பதினான்காம் பக்கப் படத்தில் உள்ள வாசகம் சம்பந்தப்பட்டவரின் கருத்து அல்ல. வருந்துகிறோம்.’ எந்தப் படம், யார், என்ன வாசகம், ஒன்றும் இல்லை. மே இதழ் கையில் இல்லாதவனுக்கு அது எதைப் பற்றியது என்றே தெரியாது. அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

“இதுக்கும் முன்ன பின்ன இல்ல” என்றாள். சொளவிலிருந்து தலை நிமிரவில்லை. “நீங்க போயிட்டு வாங்க தம்பி. பிள்ளைய படிக்க வார நேரம்.”

அடுத்த வருடம் வேறொரு அமைப்பு அவளைப் படம் பிடித்தது. அந்தக் கேசட்டும் எங்களிடமே வந்தது. முதல் கேள்விக்கு அவள் கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்: “நீங்க என்கிட்ட, இந்தத் தெருவுல பள்ளிக்கூடத்த வேண்டாம்னவங்க யாருன்னு கேக்கிய. அதுக்கு, சித்தி ஜனாபா ஆகிய நான் சொல்லுதேன்…” ஒவ்வொரு பதிலும் அப்படித்தான். கேள்வியை முழுசாகச் சொல்லி, சொன்னவர் யார் என்பதைச் சொல்லி, பிறகுதான் விஷயம். முப்பது எழுத்தில் அடங்கவே அடங்காது.

“எதையாவது வெட்டுலே, வரி நீண்டு ஓடுது பாரு” என்றார் அண்ணாச்சி.

நான் வெட்டவில்லை. அவள் பேசி முடித்த பிறகு திரையைக் கறுப்பாக்கி, வரிகளில் அடங்காத மிச்சத்தை அதில் எழுதினேன்.