குறிப்புகளை விரித்து எழுதிய கதை

விமான் நகரில் என் மகள் படிக்கும் பள்ளியில் அன்று விடைத்தாள் காட்டும் நாள். ஆங்கிலத் தேர்வில், குறிப்புகளை விரித்துக் கதை எழுதும் கேள்விக்கு அவளுக்கு ஐந்துக்கு இரண்டு. கனமழை, நின்றுபோன பஸ், ஒரு கிழவி, குடை, நன்றி. குறிப்புகள் அவ்வளவுதான். மகள் அந்த பஸ்ஸை எங்கள் ஊர் கோர்படி ரயில்வே கேட் அருகே நிறுத்தியிருந்தாள். டிரைவர் டயர் மாற்றும்வரை கிழவி அவருக்குக் குடை பிடித்தாள். ஒரு குறிப்பும் விடுபடவில்லை. தலைப்பும் நீதியும்கூட இருந்தன.

"எதுக்கு மார்க் குறைச்சீங்க?" என்று ஆசிரியையிடம் இந்தியில் கேட்டேன்.

"இந்தக் குறிப்புக்கான கதைய நான் கிளாஸ்ல போர்டுல எழுதிப்போட்டேன். அன்னிக்கு இவ லீவு. மத்தவங்க அப்படியே எழுதியிருக்காங்க, பாருங்க" என்று விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

எல்லாத் தாள்களிலும் ஒரே சிறுவன், ஒரே கிழவிக்கு, ஒரே குடையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்புறம் குறிப்பு எதுக்கு?"

"அது பேப்பர் பேட்டர்ன், மேடம்."

மார்க் மாறவில்லை. அடுத்த தேர்வுக்கு மகள் ஒரு கதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "என்ன குறிப்பு குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"குறிப்பு பரீட்சையிலதான் வரும்மா. கதை இப்பவே குடுத்துட்டாங்க."